ரிலே இழுக்க எத்தனை மில்லி வினாடி? காயில் மின்னோட்டக் கணக்கு

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தண்ணீர் பம்ப்பை 12 வோல்ட் பேட்டரியும் ரிலேயும் வைத்து இயக்கும்போது, காலையில் இழுக்கும் ரிலே சில சமயம் மதியம் இழுக்காது. காரணம் காயில் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டு: காயில் 400 ஓம். 12 வோல்ட்டில் இறுதி மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர். இழுக்கும் வோல்ட்டேஜ் 9 என்று ரிலேயின் தரவுத்தாளில் இருந்தால், இழுக்கும் மின்னோட்டம் 22.5 மில்லி ஆம்பியர்.

முதலில் கால மாறிலியை, அதாவது மின்னோட்டம் இறுதி அளவின் 63 சதவீதத்தை எட்டும் நேரத்தை, அளக்க வேண்டும். காயிலைக் கை சுவிட்சால் இயக்காதீர்கள், அதன் துள்ளல் அலைவடிவத்தின் தொடக்கத்தைக் கெடுக்கும். மாஸ்ஃபெட்டால் இயக்கி, அதன் சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 ஓம் போடுங்கள். அதன் மேல் 10 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். ஸ்கோப்பை ஒற்றை டிரிக்கரில் வையுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம், ஆனால் அது இழுக்கும் நேரத்தை மாற்றாது, விடும் நேரத்தைத்தான் நீட்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். மின்னோட்டம் வளைந்து ஏறி, நடுவில் சட்டென்று குழிந்து, மறுபடி ஏறும். ஆர்மேச்சர் தகடு நகர்ந்து காந்த இடைவெளி குறைவதால், எதிர் மின்னழுத்தம் பிறந்து மின்னோட்டத்தைக் கீழே தள்ளுகிறது. தகடு ஒட்டியபின் இண்டக்டன்ஸும் கூடிவிடும். ஆகவே 63 சதவீதப் புள்ளியைக் குழிக்குப் பின்னால் தேடினால் விடை தவறும். குழிக்கு முந்தைய பகுதியை மட்டும் பாருங்கள். 1 மில்லி வினாடியில் 85 மில்லி வோல்ட், அதாவது 8.5 மில்லி ஆம்பியர் என்றால்:

```
tau = -1 / ln(1 - 8.5/30) = 3 ms
L = tau × R = 0.003 × 400 = 1.2 H
t = tau × ln(1 / (1 - 22.5/30)) = 4.2 ms
```

(10 ஓமைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது.) இந்த 4.2 மில்லி வினாடி மின்னோட்டம் போதுமான அளவுக்கு வரும் நேரம்தான். தகடு பயணித்துத் தொடுபுள்ளி மூடுவது அதன் பிறகு, குழியின் அடிப்பகுதியை ஒட்டி. இண்டக்டன்ஸை அளக்க எல்சிஆர் மீட்டரை நான் நம்புவதில்லை. 1 கிலோஹெர்ட்ஸில் இரும்புக் கருவின் சுழல் மின்னோட்டம் அளவைக் குறைத்துக் காட்டும்.

இனி மதியத்துக்கு வருவோம். தகரக் கூரைப் பெட்டியில் காயில் 25 டிகிரியிலிருந்து 65க்குப் போனால், செம்பின் தடை டிகிரிக்கு 0.393 சதவீதம் கூடி 400 ஓம் 463 ஆகும். இழுக்கத் தேவையான 22.5 மட்டும் மாறாது.

12 வோல்ட்டில் இறுதி மின்னோட்டம் இப்போது 25.9தான். கால மாறிலி 2.6 மில்லி வினாடியாகக் குறைந்தும், இழுக்கும் நேரம் 5.3 ஆகக் கூடுகிறது. இலக்கு உச்சிக்கு அருகில் போய்விட்டது, அங்கே வளைவு தட்டையாகிறது.

அதே நேரம் மோட்டார் கிளம்பி பேட்டரி 10 வோல்ட்டுக்குத் தாழ்ந்தால் 10 ÷ 463 = 21.6 மில்லி ஆம்பியர். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 22.5ஐத் தொடாது. காயில் குளிர்ந்திருந்தால் அதே 10 வோல்ட்டில் 6.9 மில்லி வினாடியில் இழுத்துவிடும்.

பிற்சேர்க்கை: ரிலே படபடவென்று அடித்தால், அது இழுத்ததும் மோட்டார் வோல்ட்டேஜைத் தாழ்த்தி, காயில் மின்னோட்டத்தை ரிலே விடும் அளவுக்கும் கீழே கொண்டுபோகிறது என்று பொருள். காயிலுக்குப் பேட்டரி முனையிலிருந்தே தனி ஒயர் இழுத்துப் பாருங்கள். அப்போதும் அடித்தால் ஒயர் காரணமில்லை, பேட்டரியைச் சோதியுங்கள்.