அப்பாவின் இடது கண்

பாலக்கோட்டு அக்கா ஒருத்தர் அவங்க அப்பா படத்தைத் தருமபுரியில் என் போட்டோ கடைக்குச் சரிசெய்யக் கொண்டு வந்தார். ஓடு ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் மிச்ச முகமும் போய்விடும் என்று கண்ணாடியோடவே ஸ்கேன் செய்தேன். இடது கண்ணும் கன்னமும் வெறும் வெள்ளை.

முதலில் வலது கண்ணையே திருப்பி ஒட்டினேன். "இது எங்கப்பா இல்லீங்க தம்பி" என்றார். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிழலும் தப்பான பக்கம் விழுந்திருந்தது.

வேறு படம் கேட்டதில் வாக்காளர் அட்டையும் அப்பாவின் கல்யாண குரூப் போட்டோவும் வந்தன. பழுதான படத்தில் முகம் கொஞ்சம் திரும்பியிருந்தது; அட்டையில் நேர்முகம், உதவாது. குரூப் போட்டோவில் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால் திரும்பியிருந்த கோணமும் வெளிச்சமும் ஒத்துப்போயின. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பழுதான படத்தின்மேல் தனி லேயராக, அடியில் உள்ளது தெரியும்படி பாதி ஒபாசிட்டியில் வைத்து, வலது கண்ணின் இரு ஓரமும் மூக்கடியும் வாயோரமும் பொருந்தும்வரை அளவை மாற்றினேன். அது இளவயசுப் படம். அதனால் கண்ணையும் புருவத்தையும் மட்டும் எடுத்து, சுருக்கத்தை வலது கன்னத்திலிருந்து கொண்டுவந்தேன். ஒட்டின இடம் மொழுமொழுவென்று தனியாகத் தெரிந்ததால், பழைய படத்தின் பொடிப்புள்ளி மாதிரி கொஞ்சம் கிரெயின் தூவினேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "புருவம்தான் அடர்த்தி ஜாஸ்தி."

மாப்பிள்ளைப் புருவம்! குறைத்துக் கொடுத்தேன்.