மழைக்காலத்தில் கருவாட்டைச் சோதிப்பது எப்படி? உப்பு, பூஞ்சணம், வண்டு மூன்றையும் பிரித்தறியும் செய்முறை

பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த உப்புக் கருவாட்டை வாங்கி வைத்தவர்கள் ஐப்பசி மழை பிடித்த பிறகு டப்பாவைத் திறந்தால், அதன்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதைக் காண்பதுண்டு. அது வெறும் உப்பாக இருந்தும் சிலர் கருவாட்டைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் பூஞ்சணத்தையே உப்பென்று எண்ணிக் கழுவிக் குழம்பில் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது தவறுதான். அரை கிலோ வாளைக் கருவாட்டை எடுத்துக்கொண்டு, சோதிக்கும் முறையை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எடை பார்த்தல்

கருவாட்டை டப்பாவில் வைக்கும் நாளிலேயே எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவின்மேல் ஒட்டிவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை இழுக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுவதும் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயே இருப்பதால், நன்றாகக் காய்ந்த கருவாடும் திறந்து வைத்தால் மெல்ல ஈரமாகிவிடும். 500 கிராம் இருந்த கருவாடு 525 கிராம் ஆகியிருந்தால், கூடிய 25 கிராமும் காற்றிலிருந்து வந்த நீர்தான். எடை குறைந்திருந்து, டப்பாவின் அடியில் பழுப்பு நிறத் தூளும் கிடந்தால் வண்டு தின்றிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வெள்ளையைச் சோதித்தல்

கருவாட்டைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின்மேல் பரப்புங்கள். மேலே படிந்துள்ள வெள்ளையைக் கத்தி முனையால் சிறிது சுரண்டி, ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உப்பாக இருந்தால் விரலுக்கு நறநறவென்று படும். தண்ணீரில் முழுவதும் கரைந்துவிடும். பூஞ்சணம் பஞ்சு இழைபோல் மென்மையாக இருக்கும். தண்ணீரில் கரையாமல் மிதக்கும் அல்லது திரியாகத் திரளும். நெத்திலியை உப்பிடாமல் வெறுமனே காயவைத்து விற்பதும் உண்டு; அத்தகைய நெத்திலியின்மேல் வெள்ளை படர்ந்திருந்தால் அது உப்பாக இருக்க வழியில்லை என்பதால் இந்தச் சோதனையே தேவையில்லை. வாய்ச்சுவையால் மட்டும் சோதிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: நிறம் பார்த்தல்

உப்புக் கருவாட்டின்மேல் மிளகுத்தூள் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது உப்பிலேயே வளரக்கூடிய ஒருவகைப் பூஞ்சணம். இளஞ்சிவப்பு நிறமும் பிசுபிசுப்பும் கெட்ட வாடையும் சேர்ந்திருந்தால், உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள் பெருகியுள்ளன என்று பொருள். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அந்தத் துண்டுகளை விலக்கிவிடுங்கள். பச்சை, மஞ்சள், கறுப்பு நிறப் பூஞ்சணமோ இவற்றைவிட அபாயமானது. இவற்றுள் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குபவை; கழுவினாலும் வெயிலில் போட்டாலும் எண்ணெயில் பொரித்தாலும் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்ப முடியாது. ஒரு துண்டில் கண்டாலும், அதனுடன் ஒட்டிக்கிடந்த துண்டுகளையும் சேர்த்து எறிந்துவிட வேண்டும்.

நான்காம் படி: வண்டும் புழுவும்

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் செவுள், தலையின் பின்புறம், வயிற்று மடிப்பு ஆகியவை. ஒரு துண்டை எடுத்துத் தாளின்மேல் தட்டுங்கள். அதிலிருந்து தூளோடு, உடலெங்கும் மயிர் நிறைந்த பழுப்புப் புழுக்களும் அவை உரித்த வெற்றுத் தோல்களும் விழுந்தால், கருவாட்டைத் தின்னும் கருநிற வண்டின் குஞ்சுகள் அவை. சிவந்த கால்களும் நீலப் பச்சைப் பளபளப்பும் கொண்ட சிறிய வண்டு இன்னொரு வகை. உள்ளே குடைந்து எலும்பும் தோலும் மட்டும் எஞ்சிய துண்டுகளை எறிந்துவிடுங்கள். ஓரிரு வண்டுகள் மட்டும் தென்பட்டு, கருவாடு உறுதியாகவும் பூஞ்சணம் இல்லாமலும் இருந்தால் அதைக் காப்பாற்றலாம். உதறிச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத பையில் போட்டு, நன்றாக உறையவைக்கும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள்; கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். குளிர் முழுவதும் நீங்கும்வரை மூடியே இருந்தால், வியர்க்கும் நீர் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

ஐந்தாம் படி: மறுபடி காயவைத்து அடைத்தல்

ஈரம் மட்டும் ஏறியிருக்கும் கருவாட்டை, மழை விட்ட நாளில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையின்மேல் பரப்பி, எடை மீண்டும் 500 கிராமுக்கு வரும்வரை காயவையுங்கள். சூடு ஆறுவதற்கு முன் அடைத்தால் உள்ளேயே வியர்த்துவிடும் என்பதால், நிழலில் ஆறவைத்த பிறகே கண்ணாடிப் பாட்டிலில் போட வேண்டும். மறுநாள் காலையில் பாட்டிலின் உட்சுவரில் ஆவி படிந்திருந்தால் இன்னொரு வெயில் தேவைப்படுகிறது. முடிச்சுப் போட்ட பாலித்தீன் பையை நம்ப வேண்டாம். அதை இந்தப் புழுக்கள் துளைத்துவிடும். ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவில் சிறுசிறு பாட்டில்களாகப் பிரித்து அடைத்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவற்றில் ஈரக்காற்று புகாது.