“லேட்டானாலும் போட்டுக்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள்

எங்கள் மருந்தகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி, மகள் குடும்பம் தோக்கியோவில் இருக்கும் ஓர் அம்மாவிடம், அணு உலை விபத்தின்போது தைராய்டைக் காக்கப் போடும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையைக் கொடுத்தபடி சொன்னார்: “பதறாதீங்க ஆன்ட்டி, ரெண்டு நாள் கழிச்சுப் போட்டாலும் வேலை செய்யும்.” எனக்குச் சுருக்கென்றது. 2011 மார்ச்சில், ஃபுக்குஷிமா அணு உலை விபத்துச் செய்தி வந்த வாரம், சிங்கப்பூர்த் தேக்காவில் நின்று நானும் இதையேதான் சொன்னேன்.

இந்த மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். காலாவதித் தேதி பார்ப்பதெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

நேரம் தவறுவது

தைராய்டு சுரப்பிக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்று வித்தியாசம் தெரியாது. கிடைப்பதை உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரையால் அதை முன்கூட்டியே நிரப்பிவிட்டால், பின்னால் வரும் கதிரியக்க அயோடினுக்கு உள்ளே இடமில்லை. ஏறக்குறைய ஒரு நாள் வரை அந்தக் காப்பு நிற்கும்.

கதிரியக்க மேகம் நண்பகல் 12 மணிக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் போட்டால் மிக நல்லது. பிற்பகல் இரண்டு வரை பரவாயில்லை, இரவு எட்டு வரையிலும் ஓரளவு பயன் உண்டு. மறுநாள் நண்பகலுக்கு மேல்? உள்ளே புகுந்துவிட்ட கதிரியக்க அயோடின் வெளியேறுவதை அதே மாத்திரை தாமதப்படுத்திவிடலாம். திருடன் வீட்டுக்குள் வந்தபிறகு கதவைப் பூட்டுவது போல. ஆகவே போட வேண்டிய நேரத்தை அந்த ஊர் அதிகாரிகள் சொல்லட்டும், நாம் ஊகிக்க வேண்டாம்.

அதற்காக “முன்னாடியே தினம் ஒன்று” என்றும் சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான். பச்சிளம் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மறுபடி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பாலை மறப்பது

1986 செர்னோபில் அணு உலை விபத்தில் பிள்ளைகளைப் பாதித்ததில் பெரும்பங்கு பாலுக்கு உண்டு. புல்லில் படிந்த அயோடின்-131 மாட்டுப்பாலில் இறங்கியது. பிள்ளைகளின் சுரப்பி சிறியது, அதனால் அதே அளவு அயோடினுக்கும் அதிகக் கதிர்வீச்சு படும். சில வருடங்களில் பெலாரூஸ், உக்ரைன் பகுதிகளில் சிறுவர் தைராய்டு புற்றுநோய் பெருகியது. போலந்து ஏப்ரல் 29ஆம் தேதியே ஒரு கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயோடைடு கரைசல் கொடுக்கத் தொடங்கியது, மேய்ச்சல் மாடுகளின் பாலையும் பிள்ளைகளுக்குத் தடுத்துப் பால்மாவு கொடுத்தது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும், ஆகவே சில வாரம் பொறுத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பெரியவர் அளவைப் பிள்ளைக்குக் கொடுப்பது

130 மில்லிகிராம் மாத்திரையில் 3 முதல் 12 வயது வரை பாதி, ஒரு மாதம் முதல் 3 வயது வரை கால், அதற்கும் சின்னதென்றால் அரைக்கால்.

எல்லாக் கதிரியக்கத்துக்கும் மருந்து என்று நினைப்பது

இது கதிரியக்க அயோடினுக்கு மட்டும்தான், சீசியம் போன்ற மற்றக் கதிரியக்கப் பொருளுக்கு உதவாது.

மாத்திரைக்குப் பதில் அயோடின் உப்பு

அந்த 130 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது ஏறக்குறைய 100 மில்லிகிராம் அயோடின். உப்புக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தாலும், ஒரு வேளைக்கு மூன்று கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

புண்ணுக்குத் தடவும் அயோடின்

குடிக்கக் கூடாது.