ஆறு பேரில் ஒருவர் 1 போட்டால்: 360 டிகிரி ஃபீட்பேக் அறிக்கையை வாசிக்கும் முறை

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். சூப்பர்வைசராகி எட்டு மாதம்தான் ஆகிறது. "அண்ணே, ரிப்போர்ட் வந்துருச்சு. ஒருத்தன் எல்லாத்துக்கும் 1 போட்டு வச்சிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியும்ணே" என்றார். குரல் நடுங்கியது. இரண்டு நாளைக்கு யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னுடைய பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். அவரோடு உட்கார்ந்து அதை வரி வரியாகப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 360 டிகிரி ஃபீட்பேக் என்றால் மேலே, பக்கத்தில், கீழே இருப்பவர்கள் எல்லோரும் நம் வேலைக்குப் பெயர் சொல்லாமல் மதிப்பெண் போடுவது. எனக்கு மதிப்பெண் போட்டவர்கள்: மேனேஜர் ஒருவர், என்னைப் போன்ற சூப்பர்வைசர்கள் ஐந்து பேர், என் கீழ் வேலை செய்த டெக்னீஷியன்கள் ஆறு பேர். நானும் எனக்கே போட்டுக்கொண்டேன். மொத்தம் 18 கேள்விகள், 1 முதல் 5 வரை மதிப்பெண்.

படி 1: கருத்துப் பக்கத்தை மூடி வையுங்கள்

கடைசிப் பக்கங்களில் பெயர் இல்லாமல் எழுதிய கருத்துகள் இருக்கும். எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறோம். ஒரு கடுமையான வரியைப் படித்துவிட்டால், அதற்குப் பிறகு பார்க்கிற ஒவ்வொரு எண்ணும் அந்த வரிக்குச் சாட்சி சொல்வதுபோலத் தெரியும். அதனால் முதல் நாள் எண்கள் மட்டும்.

எண்களையும் மூன்று கூட்டமாகப் பிரித்தே பாருங்கள். மேனேஜர், சக ஊழியர், கீழ் வேலை செய்பவர் எல்லோரையும் சேர்த்துப் போட்ட மொத்தச் சராசரி சில அறிக்கைகளில் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதை விட்டுவிடுங்கள். மூன்று கூட்டமும் உங்களை வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கிறார்கள். ஓ.டி. பட்டியலை நான் எப்படிப் போடுகிறேன் என்று பக்கத்து லைன் சூப்பர்வைசருக்குத் தெரியாது. கூட்டத்தில் நான் எப்படிப் பேசுகிறேன் என்று என் டெக்னீஷியனுக்குத் தெரியாது. மேனேஜர் மதிப்பெண்ணோ ஒரே ஒரு ஆளுடையது. அதில் சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 2: சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

என் அறிக்கையிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். டெக்னீஷியன்கள் ஆறு பேரும் போட்டது மட்டும்.

"நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்": சராசரி 3.67, குறைந்தது 1, கூடியது 5.
"வேலையைப் பிரித்துத் தரும்போது காரணம் சொல்கிறார்": சராசரி 2.5, குறைந்தது 1, கூடியது 3.

முதல் கேள்வியைப் பார்த்ததும் என் கண் அந்த 1-இல் குத்தி நின்றது. இரண்டாவதில் நான் நிற்கவே இல்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3.67-ஐ 6-ஆல் பெருக்கினால் 22. அதில் தெரிந்த 1-ஐயும் 5-ஐயும் கழித்தால் 16. மீதி நான்கு பேர் சேர்ந்து 16, அதாவது ஆளுக்கு 4. நான்கு பேரும் 4 போட்டிருக்கலாம். ஆனால் 5, 5, 5, 1 என்றாலும் 16 வரும். அப்படியென்றால் குழு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று அர்த்தம், கதையே வேறு. அதனால் எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்ற பரவல் அறிக்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்று அவர்கள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். எனக்கு வந்த அறிக்கையில் அது இருந்தது: நான்கு பேரும் 4.

இரண்டாவது கேள்வி: 2.5 பெருக்கல் 6, மொத்தம் 15. 1-ஐயும் 3-ஐயும் கழித்தால் நான்கு பேருக்கு 11. யாரும் 3-க்கு மேல் போகவில்லை. அப்படியானால் 3, 3, 3, 2 என்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ஹெச்.ஆரைக் கேட்காமலே முழுப் படமும் கிடைத்துவிட்டது.

படி 3: இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் மறையுங்கள்

வலிக்கிற 1-ஐ மட்டும் மறைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். மறைத்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டையும் சேர்த்து மறையுங்கள். முதல் கேள்வியில் 3.67 இருந்தது 4 ஆகிறது. இரண்டாவதில் 2.5 இருந்தது 2.75 ஆகிறது, அவ்வளவுதான். முதல் கேள்வியில் சராசரியை இழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர். இரண்டாவதில் அந்த ஒருவரை எடுத்துவிட்டாலும் எண் எழுந்திருக்கவில்லை. ஒருவருமே 4 போடவில்லை. கோபமில்லாமல், சத்தமில்லாமல், நான்கு பேர் 3 போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நம் ஊரில் மேலே இருப்பவருக்கு 3 போடுவதே கீழே இருப்பவர்களுக்குப் பெரிய காரியம் என்பது என் அனுபவம். "பரவாயில்லை" என்ற இடத்தில் 4 போடுவார்கள். அதனால் கூட்டமாக நிற்கும் 3-களை நான் இப்போது 1-ஐ விடக் கவனமாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆறு பேர் இருக்கும் கூட்டத்தில் ஒருவர் 4-க்குப் பதில் 3 போட்டாலே சராசரி 0.17 இறங்கும். மூன்றே பேர் என்றால் 0.33. போன வருடத்தைவிட 0.2 குறைந்துவிட்டது என்று தூக்கத்தைத் தொலைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் ஒரு படி இறங்கியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

மதிப்பெண் போடுபவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இதைப் பற்றிய பல ஆய்வுகளைக் கான்வே, ஹஃப்கட் என்ற இருவர் 1997-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முழு ஒற்றுமை 1 என்றால், ஒரே ஆளை மதிப்பிட்ட இரண்டு மேலதிகாரிகளுக்கு இடையே அது சுமார் 0.50. சக ஊழியர்களுக்கு இடையே 0.37, கீழ் வேலை செய்பவர்களுக்கு இடையே 0.30. ஆறு டெக்னீஷியன்களில் ஒருவர் மாறி நிற்பது சாதாரணமாக நடப்பதுதான்.

படி 4: அந்த ஒருவர் எங்கெல்லாம் 1 போட்டிருக்கிறார்?

என் அறிக்கையில் 18 கேள்விகளில் 11-இல் ஒரே ஒரு 1 இருந்தது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஒரு கேள்வி, "ஷிஃப்டுக்கு நேரத்தோடு வருகிறார்". அதற்கு பஞ்ச் கார்டு சாட்சி இருக்கிறது. அந்த வருடம் நான் தாமதமாக வந்த நாளே இல்லை. சரிபார்க்கக்கூடிய விஷயத்திலும் 1 விழுந்திருக்கிறது என்றால், அந்த ஆள் கேள்வி கேள்வியாகப் பார்த்துப் போடவில்லை. என் மேல் மொத்தமாக வருத்தம், அதனால் வரிசையாக 1. அந்தப் பதினொன்றைப் பதினொரு குறைகளாக எண்ணக்கூடாது. ஒரே ஒரு வருத்தம் பதினொரு தடவை பதிவாகியிருக்கிறது.

மாறாக, ஒரே கேள்வியில் மட்டும் 1, மற்றதில் எல்லாம் 4 என்று இருந்தால் அது வேறு. ஏதோ ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட 1-க்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

படி 5: இப்போது கருத்துகளைத் திறங்கள்

இரண்டு நாள் கழித்துத்தான் திறக்க வேண்டும். நான் முதல் நாளே திறந்தேன். "பிலிஹ் காசிஹ்" என்று மலாயில் ஒரு வரி: ஆள் பார்த்து வேலை கொடுக்கிறார் என்று. யார் எழுதியது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். இரண்டு வாரம் அந்தப் பையனிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசவில்லை. அவர்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் எழுதச் சொல்லிவிட்டு, எழுதியவரைத் தேடிப் போனேன். மற்ற ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தம்பியிடம் நான் இதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த வரிக்கு மேலும் கீழும் இருந்ததை நான் சரியாகப் படிக்கவே இல்லை. "ஓ.டி. பட்டியல் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது." "மாற்றினால் ஏன் என்று சொல்வதில்லை." மிதமான இரண்டு வரிகள். அவற்றை 2.5 வந்த கேள்வியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு நம் ஆட்களுக்கு விடுப்புக் கொடுத்து, மலாய், சீன டெக்னீஷியன்களை நிற்க வைத்தேன். ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அதைத் திருப்பிச் செய்தேன். என் மனதில் கணக்கு நேராக இருந்தது. ஆனால் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஒருவர் கோபமாகச் சொன்னதும் நான்கு பேர் 3 போட்டு மெதுவாகச் சொன்னதும் ஒரே இடத்தைத்தான் காட்டின. கோபமான வரிக்குப் பின்னால் வேறு யாருமே இல்லை என்றால் அதைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த அறிக்கை வரை பொறுக்கலாம். பின்னால் மிதமான குரல்கள் நின்றால் வேலையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பாதுகாப்பு, பாலியல் தொல்லை, பணம், இனத்தை இழிவாகப் பேசுவது ஆகியவற்றைப் பற்றி ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அதை அன்றே ஹெச்.ஆரிடம் கொண்டுபோங்கள்.

படி 6: ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு குழுவிடம் போங்கள்

ஒரு நிறுவனத்தின் மேலாளர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வாக்கர், ஸ்மிதர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. கீழ் வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து அறிக்கையைப் பற்றிப் பேசியவர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். பத்து நிமிடம் போதும். நான் ஷிஃப்ட் தொடங்கும் முன் கூடும் கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான்: "வேலையைப் பிரிக்கும்போது நான் காரணம் சொல்வதில்லை என்று அறிக்கையில் வந்திருக்கிறது. அது உண்மை. பட்டியலை எப்போது, எப்படிச் சொன்னால் உங்களுக்கு வசதி?"

யார் போட்டது, ஏன் போட்டீர்கள் என்ற கேள்விகள் வரவே கூடாது. இனிமேல் எப்படிச் செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள். முதலில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், வியாழக்கிழமைக்குள் பட்டியலை லாக்கர் பக்கத்தில் ஒட்டிவிடலாமே என்றார். பண்டிகை விடுப்பு யாருக்கு எப்போது என்று வருடம் முழுவதற்கும் ஒரு தாளில் எழுதி அதையும் பக்கத்திலேயே ஒட்டினேன்.

அடுத்த வருடம் அதே கேள்விக்கு ஆறு பேர் போட்டது 4, 4, 4, 4, 3, 1. சராசரி 3.33. தம்பி அந்தத் தாளைப் பார்த்ததும் விரலை நேராகக் கொண்டுபோய் 1-இன் மேல்தான் வைத்தார். நான் அதை நகர்த்தி நான்கு 4-களின் மேல் வைத்தேன்.