ஓட்டைத் தொட்டிக் கணக்கு: 8-லிருந்து 6-ஐக் கழித்தால் ஏன் விடை வராது?

குரூப் 4 தேர்வுக்குப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்கள் பலரும் இந்த ஒரு கணக்கில் வழுக்குகிறார்கள்.

ஒரு குழாய் ஒரு தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் ஓட்டை விழுந்ததால் இப்போது 8 மணி நேரம் ஆகிறது. குழாயை மூடிவிட்டால், நிறைந்த தொட்டி ஓட்டை வழியாக எத்தனை மணி நேரத்தில் காலியாகும்?

சட்டென்று 2 என்று எழுதத் தோன்றும். அது ஏன் தப்பு என்பதைக் கணக்கைப் போட்டு முடித்ததும் பார்ப்போம், அப்போதுதான் தெளிவாகப் புரியும்.

முதலில் தொட்டிக்கு ஒரு அளவு கொடுங்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்று கேள்வியில் இல்லை. நாமே வைத்துக்கொள்ளலாம். 6, 8 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் எண்ணாக இருந்தால் பின்னம் வராது. இரண்டின் மீ.பொ.ம. 24. ஆகவே தொட்டியில் 24 குடம் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, ஒரு மணி நேர வேலையைக் கண்டுபிடியுங்கள். ஆள் வேலை செய்யும் கணக்கில் ‘ஒரு நாள் வேலை’ என்று எடுப்போமே, அதேதான் இது. குழாய் 6 மணி நேரத்தில் 24 குடம் கொட்டுகிறது என்றால் மணிக்கு 4 குடம். ஓட்டை இருக்கும்போது 8 மணி நேரத்தில் 24 குடம் சேர்கிறது என்றால் மணிக்கு 3 குடம்தான்.

இப்போது கழியுங்கள். மணிக்கு 4 குடம் வருகிறது, 3 குடம்தான் தங்குகிறது. மீதி 1 குடம் ஓட்டையில் போகிறது. ஓட்டையும் ஒரு வேலையாள்தான், ஆனால் மற்றவர் கட்டிய சுவரைப் பின்னாலேயே இடித்துக்கொண்டு வருகிறவர். அதனால் அவர் வேலைக்குக் கழித்தல் குறி.

கடைசியாக நேரம். 24 குடமும் மணிக்கு 1 குடம் வீதம் வெளியேற 24 மணி நேரம் ஆகும். இதுதான் விடை.

சரி, 2 ஏன் தப்பு? கூடுதலாக ஆன 2 மணி நேரத்தில் குழாய் 8 குடம் ஊற்றியிருக்கிறது. கசிந்துபோன தண்ணீரை ஈடுகட்டத்தான் அந்த 8 குடம். ஆனால் அந்தக் கசிவு கடைசி 2 மணி நேரத்தில் மட்டும் நடக்கவில்லை. முதல் நிமிடத்திலிருந்து 8 மணி நேரமும் நடந்தது. 8 மணி நேரத்தில் 8 குடம், அதாவது மணிக்கு 1 குடம். நேரத்தை நேரத்திலிருந்து கழிக்கக் கூடாது, வேலையை வேலையிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

2 என்ற விடையை வேறு விதமாகவும் சோதிக்கலாம். 2 மணி நேரத்தில் 24 குடமும் போகிறது என்றால், ஓட்டை மணிக்கு 12 குடத்தை வெளியே விடுகிறது. குழாய் ஊற்றுவதோ 4 குடம். அந்தத் தொட்டி எந்தக் காலத்திலும் நிரம்பாது! ஆக, தொட்டி நிரம்புகிறது என்று கேள்வி சொன்னால், ஓட்டை காலி செய்யும் நேரம் குழாய் நிரப்பும் நேரத்தைவிடக் கட்டாயம் அதிகமாக இருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே சில தெரிவுகளை அடித்துவிடலாம்.

இரண்டு குழாய் வந்தாலும் வழி மாறாது. ஒன்று 10 மணி நேரத்திலும் மற்றொன்று 15 மணி நேரத்திலும் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால், ஓட்டையால் ஒன்றரை மணி நேரம் தாமதமாகிறது என்பார்கள். தொட்டி 30 குடம். குழாய்கள் மணிக்கு 3-ம் 2-ம் சேர்ந்து 5 குடம், அதனால் ஓட்டை இல்லாவிட்டால் 6 மணி நேரம். இப்போது ஏழரை மணி நேரம் ஆவதால் மணிக்கு 4 குடம்தான் தங்குகிறது. ஓட்டை மணிக்கு 1 குடம், விடை 30 மணி நேரம். இங்கே பலர் ஒன்றரையையே மொத்த நேரமாக எடுத்துவிடுகிறார்கள். கேள்வியில் ‘கூடுதலாக’ என்று இருக்கிறதா, ‘மொத்தம்’ என்று இருக்கிறதா என்று நின்று படியுங்கள்.

அப்புறம், ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். முதல் கணக்கில் அதே ஓட்டை அடியில் இல்லாமல் தொட்டியின் பாதி உயரத்தில் இருந்தால்? கீழ்ப்பாதி 12 குடமும் கசிவே இல்லாமல் 3 மணி நேரத்தில் நிரம்பும். மேல்பாதி மணிக்கு 3 குடம் வீதம் 4 மணி நேரம். மொத்தம் 7. குழாயை மூடினாலும் பாதித் தொட்டித் தண்ணீர் அப்படியே நிற்கும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் கசிவு ஒரே வேகத்தில் நடப்பதாக எடுத்துக்கொள்கின்றன. வீட்டு மாடித் தொட்டியில் அப்படி இருக்காது. நீர்மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து கசிவும் மெதுவாகும். நிறைந்திருக்கும்போது மணிக்கு 1 குடம் விடும் அடி ஓட்டை, நேரான சுவருள்ள 24 குடத் தொட்டியை முழுதாகக் காலி செய்ய ஏறத்தாழ 48 மணி நேரம் எடுக்கும். தேர்வுத்தாளில் 24 என்றே எழுதுங்கள்.