விளக்கு எரிந்தாலும் முடியாத கேள்வி: வயரிங் தேர்வுத் தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து ஐடிஐகளிலும் சிப்காட் தொழிற்சாலைகளிலும் அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்குத் தேர்வுத் தாள் தயாரிக்கும் பயிற்றுநர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துத் தேர்வு ஒன்று, போர்டில் வயரிங் வேலை ஒன்று என்று வைக்கிறோம். பல தாள்களில் இரண்டுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. பையன் மாடிப்படி வயரிங் போடுகிறான். தாளில் ஓம் விதியின் வரையறை கேட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்தவன் எழுதிவிடுவான். கையில் இருக்கும் டூ-வே சுவிட்சின் மூன்று டெர்மினல்களில் காமன் எது என்று அவனுக்குத் தெரியுமா என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.

மாடிப்படி வயரிங்கையே எடுத்துக்கொள்வோம். கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மாடியில் ஒன்று. பேஸ் கீழ் சுவிட்சின் காமனுக்குப் போகிறது. இரண்டு சுவிட்சுகளின் எல்1-ஐ ஒரு வயரும் எல்2-ஐ இன்னொரு வயரும் இணைக்கின்றன. மாடி சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒரு வயர், விளக்கிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு வயர். ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு நிலைகள் என்பதால் மொத்தம் நான்கு சேர்க்கைகள். சரியாகப் போட்டிருந்தால் இரண்டில் விளக்கு எரியும், இரண்டில் எரியாது.

முதல் பெரிய தவறு, போர்டு தானாகவே காட்டிவிடும் விஷயத்தைத் தாளில் கேட்பது. “இரண்டு இடத்திலிருந்து ஒரு விளக்கை இயக்க எந்த சுவிட்ச் தேவை?” என்று கேட்டால், மேசையில் இரண்டு டூ-வே சுவிட்சுகள் கிடக்கின்றன, பார்த்து எழுதிவிடலாம். கேட்க வேண்டியது போர்டு மறைத்து வைப்பதை. பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் மாடிப்படி வயரிங் அச்சு அசலாக வேலை செய்யும். இரண்டு சுவிட்சிலும் விளக்கு எரியும், அணையும். பார்க்கிறவர் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். ஆனால் சுவிட்சுகள் நியூட்ரலில் இருப்பதால், விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் கையில் அடிக்கும். அதனால் இப்படிக் கேளுங்கள்: “உங்கள் போர்டில் விளக்கு சரியாக எரிந்து அணைகிறது. சுவிட்சுகள் பேஸில்தான் இருக்கின்றன என்பதை எந்த இடத்தில், எந்த நிலையில் சோதித்து உறுதி செய்வீர்கள்?” விளக்கு அணைந்த நிலையில் ஹோல்டரின் இரண்டு முனைகளையும் எர்த்துக்கு எதிராகச் சோதிப்பேன், இரண்டிலும் சப்ளை இருக்கக் கூடாது என்று எழுதுகிறவன் வேலையைப் புரிந்தவன்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுணுக்கமானது, நான் அதிகம் பார்ப்பதும் இதுதான். கோளாறு கண்டுபிடிக்கும் கேள்வியில் ஒரே விடைதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது. ஒரு மாதிரிக் கேள்வி: “நான்கு சேர்க்கைகளில், இரண்டு சுவிட்சுகளும் 1-வது நிலையில் இருக்கும்போது மட்டும் விளக்கு எரிகிறது. என்ன கோளாறு?” தயாரித்தவர் மனதில் உள்ள விடை, மாடி சுவிட்சில் காமனும் எல்1-உம் இடம் மாறியிருக்கிறது என்பது. அது சரிதான். அப்படி மாறினால் மாடி சுவிட்சை 2-க்குத் தள்ளியதும் இரண்டு இணைப்பு வயர்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், விளக்குக்கு வழியே இருக்காது. ஆனால் கீழ் சுவிட்சில் அதே மாற்றம் நடந்திருந்தாலும் இதே நிலைதான் வரும். எல்2-களை இணைக்கும் வயர் நடுவில் அறுந்திருந்தாலும் இதேதான். மூன்று காரணங்கள், ஒரே அறிகுறி. இதைக் கொள்குறி வினாவாகப் போட்டு மூன்றையும் தெரிவுகளில் வைத்துவிட்டால், யோசித்து எழுதுகிற பையன்தான் மதிப்பெண் இழப்பான்.

அந்த அறிகுறியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும்: “இதற்குக் காரணமாக இருக்கக்கூடியவை எவை? அவற்றைப் பிரித்தறிய எங்கே சோதிப்பீர்கள்?” விடை இப்படிப் போகும். கீழ் சுவிட்சை 2-வது நிலையில் வைத்துவிட்டு, மாடி சுவிட்சுக்கு வரும் இரண்டு இணைப்பு வயர்களையும் டெஸ்ட் லாம்ப் வைத்து நியூட்ரலுக்கு எதிராகப் பார்க்க வேண்டும். ஒன்றிலாவது லாம்ப் எரிந்தால், கீழே எல்லாம் சரி, கோளாறு மாடி சுவிட்சில். இரண்டிலும் எரியவில்லை என்றால் கீழ் சுவிட்சுக்கு வந்து, எல்2-இல் மாட்டிய வயரை அங்கேயே பார்க்க வேண்டும். அங்கே எரிந்தால் வயர் வழியில் அறுந்திருக்கிறது. அங்கும் எரியாவிட்டால் கீழ் சுவிட்சில்தான் காமன் மாறியிருக்கிறது. இங்கே நியான் டெஸ்டரை நம்பச் சொல்லாதீர்கள். எங்கும் இணையாத வயர், பேஸ் வயரோடு ஒட்டி ஒரே பைப்பில் ஓடினால், டெஸ்டர் மங்கலாக எரிந்து ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டரும் சில நேரம் இல்லாத வோல்டேஜைக் காட்டும். “டெஸ்டர் மங்கலாக எரிந்தது, என்ன முடிவுக்கு வருவீர்கள்?” என்பதே நல்ல துணைக் கேள்வி.

இத்தகைய கேள்வியை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு அந்தக் கோளாறை ஒரு போர்டில் வேண்டுமென்றே வைத்து நான்கு நிலைகளையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். தாளில் வரைந்து பார்த்தால் போதும் என்று விடும்போதுதான் இரண்டாவது, மூன்றாவது விடைகள் கண்ணில் படாமல் போகின்றன.

அப்புறம் கணக்குக் கேள்விகள். மேசையில் 9 வாட் எல்இடி பல்பு, 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், 6 ஆம்பியர் எம்சிபி இருக்கும்போது தாளில் 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குக் கேட்பது வீண். இருப்பதையே கேளுங்கள்: 230 வோல்ட்டில் 9 வாட் பல்பு ஏறத்தாழ 0.04 ஆம்பியர்தான் எடுக்கிறது, பிறகு 6 ஆம்பியர் எம்சிபி எதற்கு? எம்சிபி பல்புக்காக இல்லை, வயரைக் காப்பாற்ற இருக்கிறது என்ற பதில் வர வேண்டும். வெளிநாட்டு வினாத் தொகுப்பிலிருந்து எடுக்கும்போது நிறங்களைக் கட்டாயம் மாற்றுங்கள். பல நாடுகளில் நீலம் நியூட்ரல். நம் பிள்ளைகள் பழகிய சிவப்பு, மஞ்சள், நீலத்தில் நீலம் மூன்றாவது பேஸ். விடைக்குறிப்பில் இதை அப்படியே விட்டால் தாள் ஆபத்தையே கற்றுக்கொடுக்கும்.

கடைசியாக மதிப்பெண் போடுவது. “சர்க்யூட் வரைக, அதன்படி வயரிங் செய்க” என்று ஒரே தாளில் கொடுத்தால், வரைபடத்தில் ஒரு கோடு தவறியவன் வரைபட மதிப்பெண், வேலை மதிப்பெண், அடுத்து வரும் கோளாறுக் கேள்வி மூன்றையும் இழக்கிறான். எதிர்ப்பக்கத்திலும் ஓட்டை உண்டு: மூன்றாம் கேள்விக்கான படத்திலிருந்து முதல் கேள்வியின் விடையைப் பார்த்து எழுதலாம். தாளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் தாளில் வரைபடமும், எம்சிபி, வயர் தேர்வும். அதை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் சரியான படத்தைக் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். சப்ளை இல்லாமல் கன்டினியூட்டி பார்த்து மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட பிறகே போர்டுக்கு சப்ளை. விளக்கு எரிந்து அணைந்து, எம்சிபியை இறக்கிய பின்னால் இரண்டாம் தாள்: ஹோல்டர் சோதனையும் அந்த மூன்று காரணக் கேள்வியும் அதில் இருக்கட்டும். போர்டு அவன் முன்னாலேயே இருக்கட்டும். வயரைத் தொட்டுத் தொடர்ந்து பார்த்து எழுதினால் அதைக் காப்பி என்று எண்ணிக் குறைக்காதீர்கள்.