படுத்தால் மறையும் வலி: இடுப்புக்குழி ரத்தத் தேக்கத்தைத் தவறவிடுவது எப்படி?

ஸ்கேன் அறையில் உட்கார்ந்து பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த நோயைத் தவறவிடுபவர்களில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆள் நிற்கும்போதுதான் இந்த நோய் வெளியே வருகிறது. நாங்களோ எல்லோரையும் படுக்க வைத்துப் பார்க்கிறோம்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். வயது 36, மூன்று குழந்தைகள், ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. காலையில் எழும்போது வலி இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடிவயிற்றில், முக்கியமாக இடது பக்கம், ஒரு கனம் தொடங்கும். நாலு மணிக்கு மேல் "உள்ளே ஏதோ கீழே இழுக்கிற மாதிரி" ஆகிவிடும். குத்தும் வலி அல்ல, முறுக்கும் வலியும் அல்ல. மந்தமாக, விடாமல் இருக்கும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்தால் பாதி குறைந்துவிடும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மட்டும் படுத்தாலும் சீக்கிரம் போகாது. இப்படி ஒன்றரை வருடம்.

அவர் கையில் இருந்த கோப்பில் இரண்டு ஸ்கேன் அறிக்கைகள் இருந்தன. இரண்டிலும் 'கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக உள்ளது, மற்றபடி இயல்பு' என்று எழுதியிருந்தது. வெள்ளைப்படுதலுக்கு என்று மூன்று முறை ஆன்டிபயாடிக், வாய்வுக்கு மாத்திரை. கடைசியாக, "மூணு குழந்தை ஆயிடுச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாமே" என்று ஒரு யோசனை.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தவறுகள் ஏன் தவறு என்பது விளங்காது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோமே, உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. அதற்குள் இருக்கும் வால்வுகள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கின்றன. வால்வு கெட்டால் ரத்தம் தேங்கி, சிரை விரிந்து, வளைந்து நெளிகிறது. அதே விஷயம் சினைப்பையையும் கர்ப்பப்பையையும் சுற்றி நடந்தால் அதுதான் இடுப்புக்குழி ரத்தத் தேக்கம். மருத்துவர்கள் பெல்விக் கன்ஜெஷன் என்பார்கள். கர்ப்பகாலத்தில் இந்தச் சிரைகள் பல மடங்கு ரத்தத்தைத் தாங்க விரிகின்றன. சிலருக்கு, முக்கியமாக இரண்டு மூன்று பிரசவம் ஆனவர்களுக்கு, அவை பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. இடது பக்கம் அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வலது சினைப்பைச் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேர்கிறது. இடது சிரையோ மேலே ஏறி, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் சிரையில் ஏறக்குறைய செங்குத்தாகப் போய் முட்டுகிறது.

நின்றால் அந்த ரத்தத் தூண் முழுவதும் கீழே அழுத்தும். படுத்தால் வடிந்துவிடும். மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் ஹார்மோன்களின் போக்கால் இடுப்புக்குழியில் ரத்தம் கூடுதலாகத் தேங்குகிறது. மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு இந்த வலி பெரும்பாலும் தணிவதும் இதனால்தான்.

முதல் தவறு: "பீரியட்ஸ் வலியா?" என்று மட்டும் கேட்பது

அந்தப் பெண்ணிடம் எல்லோரும் கேட்ட கேள்வி இது. அவரும் ஆமாம் என்றார், ஏனென்றால் அந்த வாரத்தில் அதிகமாகிறதே. கேட்டவர் மாதவிடாய் வலி என்று எழுதிக்கொண்டார். ஆனால் மற்ற மூன்று வாரங்களிலும் வலி இருந்தது, குறைவாக. அதை யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது வேறு. காலையில் எப்படி, மாலையில் எப்படி? நின்றால், படுத்தால்? விடுமுறை நாளில் குறைகிறதா? மாதவிலக்கில் உச்சம் எப்போது, ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முன்பா, தொடங்கிய பிறகா? கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் வலி பெரும்பாலும் ரத்தப்போக்கு நாட்களில் உச்சத்துக்குப் போகும், முறுக்கிப் பிடிக்கும், நிற்பது படுப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. தேக்க வலி அதற்கு முந்தைய நாட்களில் கனக்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சொல்லப்படாமல் போகும் இன்னொரு விஷயம், தாம்பத்திய உறவுக்குப் பிறகு வரும் வலி. உறவின்போது சுருக்கென்று வருவது அல்ல. முடிந்த பிறகு அடிவயிறு கனத்து, சில மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரைகூட நீடிப்பது. நம் ஊரில் மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பெண் இதைச் சொல்வார்? எங்கள் பெண் சொல்லவில்லை. கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட பிறகுதான், "ஆமா டாக்டர், அதனாலயே இப்ப சண்டை" என்றார்.

இந்த ஒரு பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். தொப்புளிலிருந்து இடுப்பின் முன் எலும்பு முனைக்கு ஒரு கோடு போட்டு, அதை மூன்று பங்காக்கினால், தொப்புள் பக்கத்துப் பங்கு முடியும் இடத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். சினைப்பைப் புள்ளி என்று பெயர். லண்டனில் பியர்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1988-ல் எழுதிய ஆய்வின்படி, இந்தப் புள்ளியில் அழுத்தினால் வலியும், உறவுக்குப் பிந்தைய வலியும் சேர்ந்து இருப்பது, இந்த நோய் உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைப் பிடித்துக்கொடுத்தது. நோய் இல்லாதவர்களைச் சரியாக விலக்கியது 77 சதவீதம்தான். அதாவது சந்தேகத்தை உறுதியாக எழுப்பும், ஆனால் அதுவே தீர்ப்பு அல்ல.

பார்க்காமல் விடும் இடங்களும் உண்டு. பிறப்புறுப்பின் வெளி உதடுகள், பிட்டத்தின் கீழ்மடிப்பு, தொடையின் பின்புறம், உள்புறம். அங்கே நெளிந்த சிரைகள் தெரிந்தால், அதுவும் கர்ப்பகாலத்தில் தொடங்கியவை என்றால், ஊற்று மேலே இடுப்புக்குழியில் இருக்கலாம். இவருக்கு இடது தொடையின் பின்பக்கம் இருந்தது. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வந்ததாம். நிற்கச் சொன்னால்தான் புடைத்தது.

"ஸ்கேன் நார்மல்" என்று கோப்பை மூடுவது

இதைத்தான் பெரிய தவறு என்பேன். வழக்கமான ஸ்கேன், காலை நேரம், தண்ணீர் குடித்துவிட்டு மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கருவியை வைத்து எடுப்பது. கர்ப்பப்பையில் கட்டி, சினைப்பையில் நீர்க்கட்டி இதெல்லாம் தெரியும். சிரைகளோ படுத்ததும் வடிந்து சுருங்கியிருக்கும். யாரும் அவற்றை அளந்திருக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் கேட்டனுப்பிய சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருக்கும்.

ஆணுக்கு இந்தச் சினைப்பைச் சிரைக்கு இணையான சிரை விரைப்பைக்கு வருகிறது. அது விரிந்தால் வெரிகோசீல். அதைச் சோதிக்க எந்த மருத்துவரும் ஆளை நிற்க வைத்து, முக்கச் சொல்லித்தான் பார்ப்பார். அதே சிரை, அதே இடது பக்கம். பெண்ணுக்கு வந்தால் மட்டும் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்கிறோம்.

சரியாகப் பார்ப்பது என்றால் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், முடிந்தால் மாலையில், உடலின் மேற்பகுதியை உயர்த்தி அல்லது நிற்க வைத்து. மூச்சைப் பிடித்து முக்கச் சொல்ல வேண்டும். சினைப்பைச் சிரையின் அகலம் 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, கர்ப்பப்பைத் தசையைக் கடந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் தடித்த சிரைகள் உண்டா, முக்கும்போது ரத்தம் தலைகீழாகக் கீழே ஓடுகிறதா என்று பார்க்கிறோம். நம் பெண்ணுக்கு இடது சிரை படுத்திருந்தபோது 5 மில்லிமீட்டர். பாதி எழுந்து உட்கார்ந்து முக்கியபோது 8. ரத்தம் கீழ்நோக்கி வந்தது திரையில் நிறம் மாறித் தெரிந்தது.

லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்து ஒன்றும் இல்லை என்றாலும் இதே கதைதான். தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து, வயிற்றுக்குள் வாயுவை நிரப்புகிறார்கள். சிரைகள் காலியாகாமல் என்ன செய்யும்? சந்தேகம் தீராதபோது சிரைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம், அதாவது வீனோகிராபி, முடிவு சொல்லும். படம் பார்த்தபடியே ரத்தக்குழாய்க்குள் சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர்கள் அதைச் செய்வார்கள்.

எதிர்ப்பக்கத் தவறு

இதைப் படித்துவிட்டு, அறிக்கையில் 'சிரைகள் விரிந்துள்ளன' என்ற வரியைக் கண்டதும் நோய் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளை பெற்ற பல பெண்களுக்கு விரிந்த சிரை இருக்கும், வலி துளியும் இருக்காது. படமும் கதையும் பொருந்த வேண்டும். மலம் கழித்தால் குறையும் வலி குடலைச் சேர்ந்தது. மூத்திரப்பை நிறைந்தால் வருவது அதைச் சேர்ந்தது. திரும்பினால் குனிந்தால் பிடிப்பது பெரும்பாலும் தசை, மூட்டு. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, நிற்பதோடு ஏறி இறங்கும் வலிக்குத்தான் இந்தப் பெயரை வைக்கலாம்.

காய்ச்சல், திடீரென்று தாங்க முடியாத வலி, மாதவிலக்கு தள்ளிப்போய் வரும் வலி, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், எடை குறைந்து வயிறு உப்புவது, இவை எதுவும் இந்தக் கணக்கில் வராது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிரை விரிந்திருப்பது உறுதியானாலும் ஏன் என்று மேலே பார்க்காமல் விடுவதும் நடக்கிறது. இடது சிறுநீரகச் சிரை இரண்டு தமனிகளுக்கு நடுவே நசுங்கினாலோ, இடுப்பின் இடது பெருஞ்சிரை அதன் மேல் செல்லும் தமனியால் அழுத்தப்பட்டாலோ, அடைப்பு அங்கே இருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சினைப்பைச் சிரையை மட்டும் அடைத்தால் சிக்கல் தீராது.

அப்புறம் அந்த அறுவை சிகிச்சை யோசனை. கர்ப்பப்பையை எடுத்தாலும் வால்வு கெட்ட சினைப்பைச் சிரை அங்கேயே இருக்கலாம், வலியும் தொடரலாம். ஹார்மோன் மருந்து, தேவைப்பட்டால் சிரைக்குள் சுருள்கம்பி வைத்து அடைப்பது என்று வழிகள் இருக்கும்போது அதை முதலில் எடுப்பதற்கு அவசரம் எதற்கு?

எங்கள் பெண்ணுக்கு சிறுநீரகச் சிரை சரியாக இருந்தது. மருத்துவரிடம் போகுமுன் ஒரு முழு மாதச் சுழற்சிக்கு வலியை எழுதிவரச் சொன்னேன். காலை எட்டு, மாலை ஆறு, படுத்து அரை மணி கழித்து, மூன்று நேரமும் பத்துக்கு எத்தனை. மாலைக் கட்டத்தில் ஐந்தும் ஆறுமாக இருந்தது, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு. தமிழ்நாட்டில் 2021-ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறதே, உங்கள் கடையில் நாற்காலி இல்லையா என்று கேட்டேன். "இருக்கு டாக்டர், ஆனா கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாது" என்றார்.